கான்ட்டின் ஒரே கல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எம்.ஏ. தத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சமயத் தத்துவப் பாடத்தில் கடவுள் இருப்புக்கான மூன்று வாதங்களையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டும். "உலகின் ஒழுங்கிலிருந்து கடவுளுக்குப் போகும் நோக்கவியல் வாதம் பிரபஞ்சவியல் வாதத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது, அது இருப்பியல் வாதத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது. கடைசிச் சுவரைக் கான்ட் இடித்துவிட்டார், மூன்றும் விழுந்தன" என்றார் பேராசிரியர். ஆனால் பிரபஞ்சவியல் வாதம் 'ஏதோ ஒன்று இருக்கிறது' என்ற அனுபவத்தில்தானே தொடங்குகிறது? வெறும் கருத்திலிருந்து கிளம்பும் இருப்பியல் வாதம் விழுந்தால் இது ஏன் கூடவே விழ வேண்டும்? நான் எதையாவது தவறவிடுகிறேனா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் எதையும் தவறவிடவில்லை. உங்கள் வயதில் நான் இந்தச் சந்தேகம் கூட இல்லாமல், "கான்ட் ஒரே கல்லில் மூன்று மாங்காய் அடித்தார்" என்று ஒரு கட்டுரையை முடித்திருந்தேன். திருத்தியவர் அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "எந்த வரியில் அடித்தார்?" என்று மட்டும் எழுதியிருந்தார். அந்த வரியைத் தேடிப் படிக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

1781இல் வந்த 'தூய அறிவின் விமர்சன'த்தில் ஜெர்மன் தத்துவவாதி கான்ட் பிரபஞ்சவியல் வாதத்தை இரண்டு படியாகப் பிரிக்கிறார். முதல் படி: ஏதாவது ஒன்று இருந்தால், இல்லாமல் போகவே முடியாத ஒன்றும் இருக்க வேண்டும், நானாவது இருக்கிறேன், ஆகவே அப்படியொன்று இருக்கிறது. இதை அவசியப் பொருள் என்று வைத்துக்கொள்வோம். அனுபவம் வேலை செய்வது இந்தப் படியில் மட்டும்தான். அதுவும் 'நான் இருக்கிறேன்' என்ற ஒரே ஒரு துளி அனுபவம்.

ஆனால் அவசியப் பொருள் என்று சொன்னால் போதுமா? அது கடவுள்தான் என்று எப்படித் தெரியும்? ஆதிப் பருப்பொருளாக ஏன் இருக்கக்கூடாது? இங்கே இரண்டாம் படி வருகிறது. எந்தக் குறையும் இல்லாமல் எல்லா உண்மைத்தன்மையும் நிறைந்த பொருள் (நிறைபொருள் என்போம்) மட்டுமே அவசியமாக இருக்க முடியும் என்கிறது வாதம். அனுபவத்தைப் புரட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கருத்துகளை மட்டும் வைத்துத்தான் சொல்லியாக வேண்டும். கான்ட் பிடித்துக்கொள்வது இந்த இடத்தை.

அவர் செய்வது பழைய தர்க்கப் பாடத்தின் ஒரு சின்ன வித்தை. "எல்லா அவசியப் பொருளும் நிறைபொருளே" என்றால் அதைத் திருப்பிப் போட்டு, "நிறைபொருள்களில் சிலவாவது அவசியப் பொருள்" என்று சொல்லலாம். நிறைபொருளுக்கும் நிறைபொருளுக்கும் எந்த வித்தியாசமும் இருக்க முடியாது. ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் இருந்தால் முதலாவது நிறைபொருளே இல்லை. எனவே 'சில' என்பது 'எல்லாம்' ஆகிவிடுகிறது: "எல்லா நிறைபொருளும் அவசியப் பொருளே." அதாவது நிறைபொருள் என்ற கருத்தே அதன் இருப்புக்குப் போதுமானது. இது இருப்பியல் வாதம் சொல்வதல்லவா? அனுபவத்தின் வேஷத்தைக் கலைத்தால் உள்ளே இருப்பது அதே ஆள்தான் என்கிறார் கான்ட்.

முதல் தடவை படித்தபோது எனக்கு மூச்சு நின்றது. இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் 'திருப்பிப் போடுவது' இடறியது. நம் கோயில் தூண்களில் இருக்கும் யாளியை எடுத்துக்கொள்ளுங்கள். "எல்லா யாளிக்கும் கோரைப்பல் உண்டு" என்பது சரி. அதைத் திருப்பி, "கோரைப்பல் உள்ள விலங்குகளில் சில யாளி" என்று சொல்லலாமா? முடியாது, யாளி என்று ஒன்று உண்மையில் இருந்தால்தான் சொல்லலாம். அதே போல, அவசியப் பொருள் ஒன்று இருந்தால்தான் கான்ட்டின் 'சில' கிடைக்கும். அது இருக்கிறது என்று சொன்னது யார்? முதல் படி. முதல் படி நின்றது எதன் மேல்? 'நான் இருக்கிறேன்' என்ற அந்தத் துளி அனுபவத்தின் மேல். வெளியே அனுப்பிவிட்டதாக அவர் சொன்ன அனுபவம் பின்வாசல் வழியாக உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

சரி, இதையும் விட்டுக்கொடுப்போம். பிரபஞ்சவியல் வாதம் சரியென்றால் இருப்பியல் வாதத்தின் முடிவும் சரியாகிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் முதலாவது இரண்டாவதன் மேல் சாய்ந்து நிற்கிறது என்றாகுமா? ஒன்றிலிருந்து பின்விளைவாக வருவது வேறு, அதற்கு முன்கூட்டியே தேவைப்படுவது வேறு.

ஒரு கணக்கைப் பாருங்கள். 7919 ஒரு பகா எண். எனக்கு அது எப்படித் தெரியும்? பகா எண் அட்டவணையில் பார்த்தேன். ஆயிரமாவது இடத்தில் இருந்தது. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது, ஆக அனுபவம். ஆனால் 7919 பகா எண்ணாக இருப்பது அவசிய உண்மை. எந்த உலகத்திலும் மாறாது. இப்போது என் நண்பர் ஒருவர், "7919 ஒற்றைப்படை, ஒற்றைப்படை எண்ணெல்லாம் பகா எண், ஆகவே இதுவும் பகா எண்" என்கிறார். அட்டவணையே வேண்டாம், வெறும் கருத்திலிருந்தே நிரூபணம்! 9ஐக் காட்டினால் போதும், அவர் வாயை மூடிக்கொள்வார். அதற்காக 7919 பகா எண் இல்லை என்று ஆகிவிடாது. என் அட்டவணையும் கிழிந்துபோகாது.

இருப்பியல் வாதத்தைத் தந்த துறவி அன்செல்முக்கு 9ஐக் காட்டியவர் கானிலோ. அன்செல்ம் 1077-78 வாக்கில் நார்மண்டியின் பெக் மடத்தில் எழுதியது இது: இதைவிடப் பெரியதை எண்ணவே முடியாது என்னும்படியான ஒன்று மனதில் மட்டும் இருந்தால், நிஜத்திலும் இருப்பது அதைவிடப் பெரியதாகிவிடும், ஆகவே அது நிஜத்திலும் இருந்தே தீரவேண்டும். உடனே இன்னொரு துறவியான கானிலோ கேட்டார்: அப்படியானால் எல்லாத் தீவுகளையும்விட மேலான ஒரு தீவும் கடலில் எங்கோ இருந்தே ஆக வேண்டுமே? அவர் கடவுளை மறுத்தவரல்ல. முடிவை ஏற்றுக்கொண்டு வழியை மட்டும் மறுத்தார்.

தாமஸ் அக்வினாஸ் இதை இன்னும் துல்லியமாகச் செய்தார், கான்ட்டுக்கு ஐந்து நூற்றாண்டுக்கு முன்பே. தம் பெருநூலில் முதலில் அன்செல்மின் வழியைத் தள்ளுகிறார். அதற்குச் சற்றுப் பின்னாலேயே உலகிலிருந்து கடவுளுக்குப் போகும் ஐந்து வழிகளைத் தருகிறார். 'கடவுள் இருக்கிறார்' என்பது தன்னளவில் வெளிப்படையான உண்மை, ஆனால் நமக்கு வெளிப்படையல்ல; கடவுளின் சாரம் என்னவென்று நமக்குத் தெரியாது; ஆகவே நாம் விளைவுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது அவர் வாதம். என் 7919 உதாரணம் இதையேதான் சொல்கிறது. இருப்பியல் வாதம் விழுந்தால் பிரபஞ்சவியல் வாதமும் விழும் என்பவர்கள், முதலாவதைத் தானே தள்ளிவிட்டு இரண்டாவதைக் கையில் எடுத்த இந்த மனிதருக்கு ஏதாவது பதில் வைத்திருக்க வேண்டும்.

இனி உங்கள் பேராசிரியர் பக்கம். அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அது கனமான பாதி. இருப்பியல் வாதத்தை இரண்டு விதமாக மறுக்கலாம். "இந்த நிரூபணம் செல்லாது" என்பது ஒரு விதம். தாலர் என்ற பழைய ஜெர்மன் நாணயத்தை வைத்துக் கான்ட் சொன்ன நூறு தாலர் உதாரணம் இந்த வகை: கற்பனையில் உள்ள நூறு தாலரின் கருத்துக்கும் கையில் உள்ள நூறு தாலரின் கருத்துக்கும் ஒரு தாலர்கூட வித்தியாசமில்லை, ஆகவே 'இருப்பது' என்பது கருத்தோடு சேர்க்கும் இன்னொரு பண்பல்ல. இதை ஏற்றுக்கொண்டாலும் பிரபஞ்சவியல் வாதத்துக்குச் சேதமில்லை. "எந்தப் பொருளும் அவசியமாக இருக்க முடியாது, எது இருந்தாலும் அது இல்லை என்று முரண்பாடில்லாமல் எண்ணலாம்" என்பது இன்னொரு விதம். ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம் இறந்தபின் 1779இல் வெளியான அவருடைய உரையாடல் நூலின் ஒன்பதாம் பகுதியில் கிளியாந்தீஸ் என்ற பாத்திரம் சொல்வது இதுதான். இது நிரூபணத்தை விட்டுவிட்டு முடிவையே அடிக்கிறது. 7919 என்ற எண்ணே கிடையாது என்பது மாதிரி. இது சரியென்றால் அட்டவணையும் போச்சு.

அப்போது பிரபஞ்சவியல்காரர் 'அவசியம்' என்ற சொல்லுக்கு வேறு பொருள் சொல்லித்தான் தப்ப முடியும்: மறுத்தால் முரண்பாடு வரும் என்ற பொருளில் அல்ல, தன் இருப்புக்கு வேறெதையும் நம்பியிராதது என்ற பொருளில். தப்பலாம், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அப்படிப்பட்ட ஒன்று ஏன் இருக்கிறது என்று கேட்டால் "இருக்கிறது, அவ்வளவுதான்" என்று நிறுத்த வேண்டிவரும். பிரபஞ்சத்தைப் பற்றி நாத்திகர் சொன்னதும் அதைத்தானே என்ற கேள்வி உடனே வந்து நிற்கும். என் கருத்தில் உண்மையான சண்டை நடக்கும் இடம் இது. இருப்பியல் வாதத்தின் மேல் சாய்ந்திருப்பது பற்றிய பேச்சு இதை மறைத்துவிடுகிறது.

நோக்கவியல் வாதத்தைப் பொறுத்தவரை கான்ட்டோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. அதை அவர் மதித்தே பேசுகிறார். ஆனால் உலகின் ஒழுங்கிலிருந்து கிடைப்பவர் அதிகம் போனால் ஒரு கட்டடக் கலைஞர்தான். கல்லையும் மண்ணையும் உண்டாக்கிய படைப்பாளர் அல்ல என்கிறார். அந்தக் கலைஞர் ஒருவரா பலரா என்பதும் தெரியாது. கப்பல் கட்டப் பலர் சேர்கிறார்களே என்று ஹியூம் கேட்டது எல்லோருக்கும் தெரியும். ஹியூமுக்கு ஆறு நூற்றாண்டுக்கு முன்பே ராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தில், நியாய தரிசனத்தாரான நையாயிகர்களின் 'குடத்துக்குக் குயவன் போல' என்ற அனுமானத்தை இதே விதமாக மடக்கியிருக்கிறார்: பெரிய வேலைகளைப் பலர் சேர்ந்தும் வெவ்வேறு காலத்திலும் செய்வதைத்தான் பார்க்கிறோம், பூமியையும் கடலையும் ஒருவரே ஒரே நேரத்தில் செய்தார் என்று எப்படி அனுமானிக்க முடியும்? பரம பக்தர் கேட்ட கேள்வி இது. ஈசுவரனை அனுமானத்தால் அறிய முடியாது, சாத்திரத்தால் மட்டுமே அறியலாம் என்று காட்டுவதற்காகக் கேட்டது.

ஆனால் அந்தக் கட்டடக் கலைஞரே போதும் என்பவருக்கும், இதை நிரூபணமாக இல்லாமல் நிகழ்தகவாக முன்வைக்கும் ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் போன்றவருக்கும் கான்ட்டின் சங்கிலி பொருந்தாது. அவர்கள் நிறைபொருள் வரை ஏறவே முயலவில்லை.

கட்டுரைக்கு உட்காரும் முன் விமர்சனத்தின் இரண்டாம் பதிப்புப் பக்க எண்ணில் 636ஐ மட்டும் இரண்டு முறை படியுங்கள். திருப்பிப் போடும் அந்த வாக்கியம் அங்கேதான் இருக்கிறது. பேராசிரியரிடமும் அதையே காட்டி, 'சில' எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.