இரண்டாம் பகுதியைத் தட்டச்சு செய்தவள்

“எனக்கு வயது 45. என் உடல் எடை மாறிவந்த இருபது ஆண்டுகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிவருகிறேன். 52 கிலோவில் தொடங்கி, இரண்டாவது பிரசவத்துக்குப் பின் 78, பிறகு 63, இப்போது 71. முதல் மூன்றையும் ‘மலர்ச்சி’, ‘சரிவு’, ‘மீட்சி’ என்ற பகுதிகளாக எழுதி முடித்துவிட்டேன். 13 வயதாகும் என் சின்ன மகள் அழகாகத் தட்டச்சு செய்து தருகிறாள். ‘அன்று இப்படி, இன்று இப்படி’ என்ற கதையாக இல்லாமல், என் உடலிடம் கனிவோடு எழுத வேண்டும் என்பதே விருப்பம். ஆனால் 71-ஐ எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வீங்கிய விரலிலிருந்து மோதிரத்தை வெட்டி எடுத்தது போன்ற வருத்தமான காட்சிகளை நீக்கிவிடலாமா?” – ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

71-ஐப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது, தட்டச்சு செய்து தரும் சின்ன மகளைப் பற்றிப் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய அந்த அரை வரிதான். இரண்டாவது பிரசவத்தில் பிறந்தவள் அவள். ‘சரிவு’ என்று நீங்கள் தலைப்பிட்ட பகுதி அவள் பிறப்பிலிருந்து தொடங்குகிறது. அம்மா அழகாக இருந்தாள், நான் பிறந்தேன், அம்மா சரிந்தாள் என்ற செய்தியை அவள் தன் விரல்களாலேயே அடித்துத் தந்திருக்கிறாள். அதை நீங்கள் சொல்லவே இல்லை என்று மறுப்பீர்கள். தலைப்பையும் ஆண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முகம் தெரியாத வாசகர்களின் மனம் நோகக் கூடாது என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். உங்கள் முதல் வாசகி உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதை எப்படி மறந்தீர்கள்? அதுவும் எந்த வயதில்! பூப்பை ஒட்டிய ஆண்டுகளில் பெண் குழந்தைகளின் உடலில் கொழுப்பு கூடுவது வளர்ச்சியின் ஒரு பகுதி. ஒரே ஆண்டில் 5 கிலோவுக்கு மேல் கூடுவதும் அந்த வயதில் இயல்பானதே. தன் உடல் அப்படி மாறிக்கொண்டிருக்கும் நேரத்தில், எடை கூடிய ஆண்டுகளுக்குத் தன் அம்மா வைத்த பெயர் என்ன என்பதை அவள் தெரிந்துகொண்டிருக்கிறாள். பிள்ளைகள் உடலைப் பற்றி நாம் செய்யும் உபதேசத்தைவிட, நம் உடலைப் பற்றி நாம் முணுமுணுப்பதைத்தான் கூர்ந்து கேட்கிறார்கள். பெற்றவர்கள் தங்கள் மனக்குறையைப் பிள்ளைகளின் மடியில் இறக்கிவைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். எழுத்து என்பதற்காக அதில் விலக்குக் கிடையாது.

ஆகவே தட்டச்சு வேலையை இன்றே அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். சத்தமில்லாமல் எடுத்தால், தான் பிழையாக அடித்துவிட்டோமோ என்று நினைப்பாள். தலைப்பைத் தவறாக வைத்துவிட்டதாகவும், அந்தப் பகுதியைத் திருத்தப்போவதாகவும் சொல்லுங்கள். அடுத்த சில மாதங்கள் அவளைக் கவனியுங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவுகிறாளா, அடிக்கடி எடை பார்க்கிறாளா, மாதவிடாய் தொடங்கியிருந்தால் அது திடீரென்று நின்றுபோகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஏதேனும் கண்டால் கட்டுரையை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இனி கட்டுரைக்கு வருகிறேன். நான்கு எடைகளையும் மூன்று தலைப்புகளையும் முழுவதுமாக எடுத்துவிடுங்கள். உணவுக் கோளாறுகளைப் பற்றி எழுதுவோருக்கான வழிகாட்டுதல்கள், எடையின் எண்களையும் எடை குறைத்த முறைகளையும் குறிப்பிட வேண்டாம் என்று வழக்கமாகவே கேட்டுக்கொள்கின்றன. தன் உடலோடு போராடிக்கொண்டிருக்கும் ஒருவர் 52 என்ற எண்ணைப் படித்தால், அது அவருக்கு ஓர் இலக்காக மாறிவிடும். உங்கள் உயரம் வேறு, வயது வேறு என்று எண்ணிப்பார்க்க அவருக்கு அப்போது பொறுமை இருக்காது. எண் தவிர்க்கவே முடியாத இடம் உண்டு என்றால், யாரோ ஒருவர் அதை உங்கள் முகத்துக்கு நேரே சொன்ன இடம்தான். அங்கும், சொன்னவரின் குரலும் அப்போது நீங்கள் செய்ததும் இருந்தாலே போதும். பகுதிகளை எடையை வைத்துப் பிரிக்காமல், வாழ்க்கையை வைத்துப் பிரியுங்கள்: வேலைக்குப் போன ஆண்டுகள், கைக்குழந்தை இருந்த ஆண்டுகள், வீடு மாறிய ஆண்டுகள் என்று.

மோதிரத்தை நீக்கலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே கூடாது. கனிவு என்றால் வருத்தமானவற்றை மறைப்பது என்று யார் உங்களுக்குச் சொன்னது? நீக்க வேண்டியது அந்தக் காட்சிக்குப் பின்னால் நீங்கள் கட்டாயம் சேர்த்திருக்கக்கூடிய தீர்ப்பு வாக்கியத்தை. ‘அந்த ஆண்டுகளில் நான் நானாகவே இல்லை’ என்பது போன்ற ஒன்றை. இந்த வகைக் கட்டுரைகளில் அது தவறாமல் வரும். அப்போது அங்கே இருந்தது நீங்கள் இல்லையென்றால், இரவில் எழுந்து குழந்தைக்குப் பால் கொடுத்தது யார்? கர்ப்ப காலத்தில் உடல் நீரைத் தேக்கிவைப்பதால் விரல்கள் வீங்குகின்றன. பிரசவத்துக்குப் பின் சில நாட்கள்வரையும் அது வடியாமல் இருக்கலாம். அதற்குப் பிறகும் மோதிரம் இறுகியது என்றால் விரலே பருத்திருக்கலாம். இரண்டையும் நடந்தபடி எழுதுங்கள். வெட்டுக் கருவி விரலுக்கும் பொன்னுக்கும் நடுவே நுழைந்தபோது எப்படி இருந்தது, யார் கையைப் பிடித்துக்கொண்டார்கள், அந்தத் தழும்பு மறைய எத்தனை நாளாயிற்று, அன்று குழந்தை எங்கே இருந்தது என்பவற்றை எழுதுங்கள். மாடிப்படியில் மூச்சு வாங்கியிருந்தால் அதையும் எழுதுங்கள். ‘அசிங்கமாக’, ‘அடையாளமே தெரியாமல்’ என்ற சொற்கள் வருமிடத்தில் மட்டும் பேனாவை நிறுத்துங்கள். அவை அந்த நாளில் நடந்தவை அல்ல, மெலிந்த பிறகு திரும்பிப் பார்த்துச் சேர்த்தவை.

அதே கண்டிப்பு ‘மீட்சி’க்கும் உண்டு. அந்த ஆண்டுகளில் வேளாவேளைக்கு எடை பார்த்ததும், ஒரு விருந்துக்குப் போகாமல் சாக்குச் சொன்னதும், குழந்தைகளிடம் எரிந்து விழுந்ததும் நடந்திருந்தால் அவையும் கட்டுரையில் இருக்க வேண்டும். பாராட்டு கிடைத்த உடலை மட்டும் மகிழ்ச்சியாகக் காட்டினால், கனிவு என்று நீங்கள் எழுதுவதெல்லாம் மேல்பூச்சு.

71 ஏன் எழுத வரவில்லை என்பது இப்போது தெரிந்திருக்கும். ‘மீட்சி’ என்று எழுதியவருக்கு அதன் பிறகு வந்த 8 கிலோவைத் தோல்வி என்று எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. எடையைக் குறைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அதில் ஒரு பகுதியாவது சில ஆண்டுகளில் திரும்பி வருகிறது. மெலிந்த உடல் முன்பைவிடக் குறைந்த ஆற்றலையே செலவிடுகிறது. பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடி, வயிறு நிறைந்ததை உணர்த்துபவை குறைகின்றன. இந்த மாற்றம் ஓராண்டு கழிந்தும் நீடிப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்குவதால், கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேரத் தொடங்குவதும் இயற்கையே. இவற்றை இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட்டு, இப்போதைய உங்கள் ஒரு நாளை எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். ‘முன்பு என் உடலை வெறுத்தேன், இப்போது நேசிக்கிறேன்’ என்று முடிக்காதீர்கள். நீங்கள் தவிர்க்க நினைத்த அதே ‘அன்று, இன்று’ கதைதான் அது. எடை இருந்த இடத்தில் மனம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். நேசிக்க முடியாத நாட்கள் இன்னமும் இருக்கின்றன என்றால், கட்டுரையின் கடைசிப் பக்கத்திலும் அவற்றுக்கு இடம் இருக்கட்டும்.

திருத்தி எழுதிய இரண்டாம் பகுதியை, யாருக்கும் அனுப்புவதற்கு முன்னால் சின்ன மகளுக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள். தன்னைப் பற்றிய ஒரு வரி வேண்டாம் என்று அவள் சொன்னால், அது எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும் வாதாடாமல் எடுத்துவிடுங்கள்.