கலர் மிட்டாய்க் கணக்கில் n எங்கே போனது?

"ஊட்டியில் பி.எஸ்சி. முதலாம் ஆண்டு படிக்கிறேன் சார். லேப் ஒர்க்‌ஷீட்டில் கலர் சாக்லேட் மிட்டாயில் பிரவுன் 30, மஞ்சள் 20, சிவப்பு 20, ஆரஞ்சு 15, பச்சை 10, நீலம் 5 சதவீதம் இருக்கும் என்று போட்டிருக்கிறது. எண்ணிப் பார்த்துக் கை-ஸ்கொயர் போட்டேன், 7.25 வந்தது. டேபிளில் 11.07. அதனால் 'சொன்ன விகிதம் சரி' என்று முடித்தேன். மேடம் சிவப்பு மையில் 'n எங்கே?' என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். போட்டோ அனுப்பியிருக்கிறேன். எங்கே தப்பு?"

கூட்டல், கழித்தல், வகுத்தல் எதிலும் தப்பில்லை. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் 'எண்ணியது' என்ற கட்டத்தில் 20, 19, 22, 17, 14, 8 என்று இருக்கிறது. கூட்டினால் சரியாக 100. ஆனால் இடது ஓரத்தில் நீங்கள் பென்சிலால் போட்ட எண்ணிக்கைக் கோடுகள் வேறு கதை சொல்கின்றன. பிரவுனுக்கு நேராக ஐந்தைந்தாக எட்டுக் கட்டுகள். அதாவது நீங்கள் எண்ணிய பிரவுன் மிட்டாய் 40, மொத்தம் 200. அதைச் சதவீதமாக மாற்றி எழுதிவிட்டு, சதவீதத்தை வைத்தே சூத்திரத்தைப் போட்டிருக்கிறீர்கள். மேடம் தேடியது அந்த 200-ஐத்தான்.

கை-ஸ்கொயர் சூத்திரத்துக்குள் போக வேண்டியது எண்ணிக்கை மட்டுமே. ஏன் என்பதைப் பிரவுனை மட்டும் வைத்துப் பாருங்கள். 10 மிட்டாய் எடுக்கிறீர்கள், 3 பிரவுன் வர வேண்டியது, 2 வருகிறது. யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். 200 எடுத்து 60-க்குப் பதில் 40 வந்தால் கொஞ்சம் உறுத்தும். 2,000 எடுத்து 600-க்குப் பதில் 400 வந்தால், 30 சதவீதம் என்று சொன்னவரை யாரும் நம்ப மாட்டார்கள். மூன்றிலும் கிடைத்தது அதே 20 சதவீதம்தான். சதவீதமாக மாற்றிய கையோடு இந்த வித்தியாசம் அழிந்துபோகிறது. 200 மிட்டாயை எண்ணிய உழைப்பில் பாதியை, 100 மிட்டாய் எண்ணியது போல, நீங்களே தள்ளுபடி செய்துவிட்டீர்கள்.

இப்போது எண்ணிக்கையிலேயே போடுவோம். 200-ல் 30 சதவீதம் 60; மற்றவையும் அப்படியே.

```
நிறம்     எண்ணியது O   எதிர்பார்ப்பது E   (O−E)²/E
பிரவுன்       40             60            6.67
மஞ்சள்       38             40            0.10
சிவப்பு       44             40            0.40
ஆரஞ்சு       34             30            0.53
பச்சை        28             20            3.20
நீலம்        16             10            3.60
மொத்தம்     200            200           14.50
```

14.50. உங்கள் 7.25-க்குச் சரியாக இரண்டு மடங்கு. 200 என்பது 100-க்கு இரண்டு மடங்கு என்பதால். நிறங்கள் ஆறு, மொத்தம் 200 என்பது முன்பே தெரிந்தது. ஐந்து நிறத்தின் எண்ணிக்கை தெரிந்தால் ஆறாவது தானாக வந்துவிடும். அதனால் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 5. இதை நீங்கள் சரியாகவே போட்டிருக்கிறீர்கள் (சிலர் 200-லிருந்து ஒன்றைக் கழித்து 199 என்று போடுவார்கள், அது தப்பு). 5 சதவீத மட்டத்தில் டேபிள் மதிப்பு 11.07. 14.50 அதைத் தாண்டிவிட்டது. முடிவு அப்படியே தலைகீழாகிறது. ஒர்க்‌ஷீட் சொன்ன விகிதத்தோடு உங்கள் மிட்டாய் ஒத்துப்போகவில்லை.

கம்ப்யூட்டரில் சரிபார்க்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் இதை அடியுங்கள்:

```
=CHISQ.DIST.RT(14.5,5)
```

0.0127 வரும். சொன்ன விகிதம் உண்மையாகவே இருந்தாலும், இவ்வளவோ இதைவிட அதிகமோ விலகல் தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றேகால் என்று பொருள். 14.5 இருக்கும் இடத்தில் 7.25 கொடுத்தால் 0.20 என்று காட்டும். நீங்கள் சதவீதத்தைக் கொடுத்தாலும் ஸ்ப்ரெட்ஷீட் முகம் சுளிக்காது, ஒரு எச்சரிக்கையும் தராது. அதனால் கண்காணிப்பு நம் வேலை. O கட்டத்தில் முழு எண்கள்தான் இருக்க வேண்டும். அதன் கூட்டுத்தொகை நீங்கள் உண்மையில் எண்ணிய மொத்தமாக இருக்க வேண்டும். E-யின் கூட்டுத்தொகையும் அதே. E-யில் 7.5 என்று பின்னம் வந்தால் வரட்டும், அதை 8 ஆக்கக் கூடாது. இரண்டு கட்டமும் 100 என்று கூடி, நீங்கள் எண்ணியது 100 இல்லை என்றால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, கடைசிக் கட்டத்தை ஒரு முறை உற்றுப் பாருங்கள். 14.50-ல் கிட்டத்தட்ட பாதியைப் பிரவுன் ஒன்றே கொண்டுவந்திருக்கிறது. பச்சையும் நீலமும் எதிர்பார்த்ததைவிட அதிகம். மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு மூன்றிலும் ஒன்றுமில்லை. எனக்கு முதலில் வந்த சந்தேகம் விகிதத்தின் மேல் இல்லை: எண்ணுவதற்கு முன்னால் யாராவது பிரவுனைப் பொறுக்கித் தின்றார்களா? சிரிக்க வேண்டாம், லேபில் நடக்கிற விஷயம்தான். இரண்டாவது சந்தேகம், வாங்கிய விதம். சேரிங் கிராஸ் பக்கம் ஏதாவது கடையில் ஜாடியிலிருந்து அள்ளி எடை போட்டு வாங்கினீர்களா, அல்லது ஒட்டிய பாக்கெட்டா? ஒவ்வொரு மிட்டாயும் மற்றதைச் சாராமல் வந்தது என்று வைத்துக்கொண்டுதான் இந்தச் சோதனையே நிற்கிறது. ஜாடியில் பழைய சரக்கின் மேல் புதிய சரக்கைக் கொட்டியிருந்தால் மேலிருந்து அள்ளியதில் ஒரே நிறம் கூட்டமாக வரலாம். அப்போது 14.50 என்பது மிட்டாயின் விகிதத்தைப் பற்றிப் பேசவில்லை, ஜாடியைப் பற்றிப் பேசுகிறது. வெவ்வேறு பாக்கெட்டுகளிலிருந்து எடுத்தது, பிரித்தவுடன் எண்ணியது என்றால் அதை ஒர்க்‌ஷீட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள். முடிவுக்கு அது பலம்.

இன்னொரு எல்லையும் உண்டு. ஒரே ஒரு சின்னப் பாக்கெட், 40 மிட்டாய் என்று வைத்துக்கொள்வோம். நீலத்துக்கு எதிர்பார்ப்பது வெறும் 2. எதிர்பார்ப்பது 5-க்குக் கீழே போனால் டேபிள் மதிப்பை அவ்வளவாக நம்ப முடியாது என்பது வழக்கமான விதி. அந்த நிலையில் பச்சையையும் நீலத்தையும் ஒன்றாகச் சேர்த்து 6 ஆக்கிவிடலாம். நிறங்கள் ஐந்தாகிவிடும், டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 4, டேபிள் மதிப்பு 9.49. ஆனால் எதை எதோடு சேர்ப்பது என்பதை எண்ணிய விடையைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். விடை பிடிக்கவில்லை என்று அப்புறம் சேர்ப்பது கள்ள ஆட்டம். உங்கள் 200-ல் மிகச் சின்ன எதிர்பார்ப்பே 10 என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ஒர்க்‌ஷீட்டின் மறுபக்கத்தில் பகடை உருட்டும் கணக்கு அரைகுறையாகத் தெரிகிறது. அதிலும் ஆறு முகம், அதே 5, அதே 11.07. 120 முறை உருட்டினால் ஒவ்வொரு முகத்துக்கும் எதிர்பார்ப்பது 20. அங்கே 16.67 சதவீதம் என்று மாற்றிவிடாதீர்கள்.

முடிவு வரியை எழுதும்போது, 7.25 வந்திருந்தால்கூட 'விகிதம் சரி' என்று எழுதியிருக்கக் கூடாது. 'இன்மைக் கருதுகோளை மறுக்கப் போதிய ஆதாரம் இல்லை' என்பது வரை மட்டுமே சொல்லலாம். இங்கே இன்மைக் கருதுகோள் என்பது ஒர்க்‌ஷீட் சொன்ன விகிதம் உண்மை என்பதுதான். 10 மிட்டாயை எண்ணியிருந்தாலும் அதே வரிதான் வந்திருக்கும். இப்போது 14.50 வந்திருப்பதால் இப்படி எழுதுங்கள்: 'n = 200, கை-ஸ்கொயர் 14.50, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 5. 5 சதவீத மட்டத்தில் இன்மைக் கருதுகோள் மறுக்கப்படுகிறது. பிரவுன் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, பச்சையும் நீலமும் அதிகம்.' 1 சதவீத மட்டத்தில் டேபிள் மதிப்பு 15.09 என்பதால் அங்கே மறுக்க முடியாது. மேடம் வைவாவில் கேட்டால் அதையும் சொல்லுங்கள்.