கடலூரில் எடுத்த இரண்டு படங்கள்

வணக்கம் ஐயா,
ஒவ்வொரு டிசம்பரிலும் சுனாமி நினைவு என்று சொல்லி, இறந்த குழந்தைகளின் படங்களை மறுபடியும் போடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அவர்கள். இதைப் போடலாம், இதைப் போடக்கூடாது என்று ஆசிரியர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?
செ., கடலூர்

அன்புள்ள செ.,

உங்கள் ஊரில் ராய்ட்டர்ஸின் ஆர்கோ தத்தா எடுத்த இரண்டு படங்களை வைத்தே சொல்கிறேன்.

முதலாவது, 2004 டிசம்பர் 28 அன்று நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் நான்கு பத்தி அகலத்துக்கு வந்தது. இறந்துபோன குழந்தைகளின் பக்கத்தில் ஒரு தாய் கதறுகிறார். வாசகர்கள் பலர் கோபமாக எழுதினார்கள். வாசகர் தரப்பில் நின்று கேள்வி கேட்பதற்கென்றே அந்த நாளிதழில் இருந்த டேனியல் ஓக்ரென்ட், ஜனவரியில் இதை விசாரித்து எழுதினார். இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு குழந்தைகள் என்று தெரியவந்த நேரம் அது, நடந்த கொடுமையின் அளவுக்கு அந்தப் படம் ஈடாக இருந்தது என்றார் நிர்வாக ஆசிரியர் ஜில் ஆப்ராம்சன்.

அந்த நாளைக்கு இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். அப்போது எண்ணிக்கைகள் வந்துகொண்டிருந்தனவே தவிர, யாருக்கும் உறைக்கவில்லை. ஆனால் இதே நாளிதழ் 2001 செப்டம்பர் 12 அன்று, உலக வர்த்தக மையத்திலிருந்து விழும் மனிதரின் படத்தை ஏழாம் பக்கத்தில்தான் வைத்தது. அதன்பிறகு அமெரிக்கப் பத்திரிகைகள் அந்தப் படத்தை ஏறக்குறைய ஒதுக்கியே விட்டன. செத்தவர் தூரத்து ஊர்க்காரர் என்றால் ஆசிரியரின் கை கொஞ்சம் தாராளமாகிவிடுகிறது. இதை யாரும் வாய்விட்டு ஒப்புக்கொள்வதில்லை.

இரண்டாவது படத்தில் ஒரு பெண் மணலில் குப்புற விழுந்து, உள்ளங்கைகளை விரித்துக் கிடக்கிறார். இறந்தவரின் கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது, முகம் இல்லை. அந்த ஆண்டின் வேர்ல்ட் பிரஸ் போட்டோ விருது இதற்குத்தான் கிடைத்தது. ஆசிரியர் மேசையில் முதலில் எழும் கேள்வி இந்த முகம்தான்: பார்த்தால் ஆள் அடையாளம் தெரியுமா, வீட்டாருக்குச் சாவுச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதா? அப்புறம்தான் எந்தப் பக்கம், எவ்வளவு அகலம் என்பதெல்லாம். முகத்தைக் காட்டியே ஆகவேண்டிய இடமும் உண்டு. தாய்லாந்தில் காணாமல் போனவர்களைத் தேடி வந்தவர்களுக்காக இறந்தவர்களின் படங்களைப் பலகையில் ஒட்டிவைத்தார்கள். அங்கே அதைப் பார்க்க வந்தவர்கள் உறவினர்கள்.

நீங்கள் சொல்லும் டிசம்பர் படங்களுக்கு இந்த யோசனை எதுவுமே நடப்பதில்லை. முதல் நாள் படத்துக்காக நாலு பேர் உட்கார்ந்து வாதாடுவார்கள். ஆண்டு நினைவுப் பக்கத்துக்கோ, பக்கம் கட்டுபவர் 'சுனாமி' என்று தேடி, கிடைத்ததை எடுத்துப் போடுகிறார். அன்றைக்கு இருந்த அவசரம் இன்றைக்கு இல்லை, சொல்ல வேண்டிய சேதியும் இல்லை. அந்தத் தாய் இப்போதும் உங்கள் ஊரில் இருக்கக்கூடும், கேட்டுவிட்டுப் போடலாம். ஆகவே போடலாம் என்று ஆசிரியர்கள் அன்றைக்கு எடுத்த முடிவை இன்றைக்கும் செல்லுபடியாக எடுத்துக்கொள்வது தப்பு என்பது என் கட்சி. படம் வந்த நாளிதழுக்கு எழுதுங்கள், இந்த ஆண்டு இதைப் போட முடிவு செய்தது யார் என்று மட்டும் கேளுங்கள்.