ஏர் ஃப்ரையரில் நெய்மீனும் இறாலும் காயாமல் வறுபட

கேள்வி: ஏர் ஃப்ரையரில் மீன் வைத்தால் சக்கைபோல் காய்ந்துவிடுகிறது, இறால் ரப்பராகிறது. எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், எண்ணெய் எவ்வளவு தெளிக்க வேண்டும்?

முள்ளில்லாத மீன் துண்டு இரண்டு சென்டிமீட்டர் கனம் இருந்தால் 200 டிகிரி செல்சியஸில் 8 நிமிடம். உரித்த நடுத்தர இறாலுக்கு அதே சூட்டில் 5 நிமிடம். எண்ணெய் பக்கத்துக்கு இரண்டு மூன்று தெளிப்பு.

எங்கள் வீடு குளச்சலுக்குப் பக்கத்தில். வாரத்தில் நான்கு நாள் மீன்தான். ஏர் ஃப்ரையர் வாங்கிய புதிதில், கருகிவிடுமோ என்று பயந்து 160 டிகிரியில் 18 நிமிடம் வைத்தேன். அம்மா ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "இது வறுபடவில்லை மக்களே, காய்ந்திருக்கிறது. கருவாட்டுக்குத்தான் இவ்வளவு நேரம் காற்று வேண்டும்" என்றார். அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. இந்தப் பெட்டிக்குள் விசிறி சூடான காற்றைச் சுற்றிச் சுற்றி அடிக்கிறது. தோசைக்கல்லில் மீனுக்கு அடியில் எண்ணெய் இருக்கும். இங்கே எல்லாப் பக்கமும் காற்று. சூடு குறைந்தால் மேல்புறம் சிவக்க நேரமாகும். அதற்குள் உள்ளே இருக்கும் நீரெல்லாம் வெளியேறிவிடும். ஆகவே சூட்டைக் கூட்டி, நேரத்தைக் குறைக்க வேண்டும்.

போன வாரம் 300 கிராம் நெய்மீன் செய்தேன். மீன்காரம்மாவிடம் நடுமுள்ளும் தோலும் நீக்கி, எல்லாத் துண்டும் ஒரே கனமாக வெட்டித் தரச் சொன்னேன். ஓரம் மெலிந்தால் நடுப்பகுதி வேகும் முன்பே ஓரம் காய்ந்துவிடும். கழுவியபின் சுத்தமான துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்தேன். மேலே நீர் நின்றால் முதல் சில நிமிடங்களின் சூடெல்லாம் அந்த நீரை ஆவியாக்கவே போய்விடும். நீங்கள் நேரத்தைக் கூட்டுவீர்கள், மீன் காயும்.

ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி நல்லமிளகுத்தூள், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், நான்கு பல் பூண்டு, கொஞ்சம் பெருஞ்சீரகம், அரைத் தேக்கரண்டி உப்பு, இவற்றைத் தண்ணீர் சேர்க்காமல் அரைத்து ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் குழைத்தேன். எண்ணெய் படாத பொடி, மீன் வேகும்முன் கருகிக் கசக்கும். மெல்லிய பூச்சாகத் தடவி 15 நிமிடம் வைத்தால் போதும். எலுமிச்சைச் சாற்றை இப்போதே ஊற்றாதீர்கள். புளிப்பில் ஊறினால் சதை அடுப்பைக் காணும் முன்பே இறுகத் தொடங்கும். பரிமாறும்போது பிழியுங்கள்.

கூடையை 200 டிகிரியில் நான்கு நிமிடம் சூடாக்கி, துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, மேலே இரண்டு முறை எண்ணெய் தெளித்தேன். 5 நிமிடம் கழித்துத் திருப்பி, அந்தப் பக்கமும் தெளித்து 3 நிமிடம். மசாலாவின் மேல் மெல்லிய பளபளப்பு தெரிந்தால் அளவு சரி, சொட்டினால் அதிகம். சொட்டும் எண்ணெய் அடித்தட்டில் விழுந்து புகைந்து மீனில் அந்த வாடையை ஏற்றிவிடும். சாதாரண தெளிப்பான் போத்தல் போதும். அழுத்தக் குப்பியில் வரும் சமையல் ஸ்ப்ரேயில் கலந்திருக்கும் பொருள்கள் கூடையின் பூச்சில் பிசினாகப் படியக்கூடும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து முனை அடைத்தால், போத்தலை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வையுங்கள்.

வெந்ததை அறிய, கனமான இடத்தில் முள்கரண்டியைச் செருகி லேசாகத் திருப்புங்கள். சதை இதழ் இதழாகப் பிரிந்து, உள்ளே கண்ணாடிபோன்ற பகுதி இல்லாமல் ஈரமாக மின்னினால் உடனே எடுங்கள். பக்கவாட்டில் வெள்ளை வெள்ளையாகத் திரண்டு கசிந்தால் சதை இறுகி நீரைப் பிழியத் தொடங்கிவிட்டது என்று பொருள். அடுத்த முறை ஒரு நிமிடம் குறையுங்கள். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 63 டிகிரி போதும். ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள துண்டுக்கு 5 நிமிடமே தாராளம். அதைத் திருப்பவும் வேண்டாம்.

இறாலில் பெரும்பாலும் கெடுப்பது கூட்டம். 250 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் குவித்தால் அது விடும் நீரிலேயே வெந்து, பிறகு ரப்பராகும். உறைய வைத்த இறால் என்றால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் முழுதும் இளகவிட்டு, நன்றாக ஒற்றி எடுங்கள். மசாலா அதேதான், ஊறல் 10 நிமிடம். மூன்றாம் நிமிடத்தில் கூடையைக் குலுக்கி ஒரு முறை தெளியுங்கள். பிறைபோல் வளைந்து, சதை வெளுத்துச் சிவந்ததும் எடுத்துவிடுங்கள். தலைப்பக்கமும் வாலும் தொட்டு வளையமாகச் சுருண்டுவிட்டால் நேரம் கடந்துவிட்டது.

உங்கள் பெட்டி சிறியதோ பெரியதோ, சூடு சற்று மாறும். முதல் தடவை ஒரே ஒரு துண்டை வைத்து, ஏழாவது நிமிடத்தில் திறந்து பாருங்கள். மீதியை அதற்கேற்ப வையுங்கள்.