கணவருக்கு டயாலிசிஸ்: தெம்பு, களைப்பு, துணை மூன்றையும் பார்க்க ஐந்து கார்டு ஸ்ப்ரெட்

கேள்வி: மொரிஷியஸில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு 3 வருடமாக டயாலிசிஸ், திங்கள், புதன், வெள்ளி. நான்தான் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறேன். எனக்குத் தெம்பு எவ்வளவு மிச்சம், எதில் ஓய்ந்துபோகிறேன், யார் துணை என்று டாரட்டில் பார்க்க எந்த ஸ்ப்ரெட் நல்லது? செல்டிக் கிராஸ் போட்டேன், கடைசிக் கார்டைப் பார்த்துப் பயந்ததுதான் மிச்சம்.

பதில்:

செல்டிக் கிராஸில் 10ஆவது இடம் ‘முடிவு’. நெடுநாள் நோய் இருக்கும் வீட்டில் அப்படி ஓர் இடத்தை வைத்தாலே மனசு நேராக அங்கேதான் ஓடும், மற்ற ஒன்பதும் கண்ணில் படாது. நீங்கள் தேடும் துணையோ 8ஆவது இடத்தில், ‘சுற்றுப்புறம்’ என்ற பெயரில் ஒரே கார்டாக ஒடுங்கிக் கிடக்கும். இந்தக் கேள்விக்கு முடிவு என்ற இடமே இல்லாத ஸ்ப்ரெட்தான் பொருந்தும். அவர் உடம்புக்கென்றும் தனியாக ஓர் இடம் வேண்டாம். பொட்டாசியம் எவ்வளவு, எடை எத்தனை கிலோ ஏறியது என்பதெல்லாம் டயாலிசிஸ் நர்ஸிடம் இருக்கும் தாளில் தெரியும். கார்டில் தெரியாது. அவரைக் கேட்காமல் அவருக்காகக் கார்டு எடுப்பதும் முறையில்லை.

ஐந்து கார்டு போதும். முதல் கார்டு நடுவில்: இப்போது இந்தப் பராமரிப்பு எந்த உருவில் நடக்கிறது. இரண்டாவது அதற்குக் கீழே: எந்தத் தெம்பில் நிற்கிறீர்கள். மூன்றாவது இடப்பக்கம்: அந்தத் தெம்பு எந்த வழியாக ஒழுகுகிறது. நான்காவது வலப்பக்கம்: கைக்கெட்டும் துணை. ஐந்தாவது மேலே: அடுத்த 4 வாரத்துக்கு எதை இறக்கிவைக்கலாம். மூன்றும் நான்கும் ஒரே வரிசையில் எதிரும் புதிருமாக உட்காருவதற்குக் காரணம் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பிரெஞ்சு புழங்கும் ஊர் என்பதால் உங்கள் கையில் மார்செய் டாரட் கட்டு இருக்கலாம். அதில் எண் கார்டுகளில் வாளும் கோலும் அடுக்கியிருக்குமே தவிர ஆள் படம் இருக்காது. இந்த ஸ்ப்ரெட் படத்தை நம்பி ஓடுவது, ஆகவே 1909இல் வந்த ரைடர்-வெய்ட் கட்டையோ அதை ஒட்டி வரைந்த ஒன்றையோ எடுங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: சிங்கத்தின் வாயை ஒரு பெண் பிடித்திருக்கும் ‘வலிமை’ கார்டு ரைடரில் 8, மார்செயில் 11. ஒரு கட்டின் புத்தகத்தை வைத்து இன்னொரு கட்டைப் படித்தால் அங்கே இடறும். தெம்பு பற்றிய கேள்விதானே என்று அந்தக் கார்டைத் தேடி எடுத்து நடுவில் வைக்கும் பழக்கமும் சிலருக்கு உண்டு. வேண்டாம். விடையை நீங்களே முன்கூட்டி எழுதிவைத்தது போல் ஆகும்.

எடுக்கும் நேரமும் முக்கியம். உங்கள் அட்டவணையில் சனி, ஞாயிறு இரண்டு நாள் இடைவெளி விழுகிறது. உடம்பில் தண்ணீர் சேருவதும் அதிகம், ஞாயிறு ராத்திரி பயமும் அதிகம். அன்று எடுக்கும் கார்டு பயத்தை மட்டும் பேசும். டயாலிசிஸ் முடிந்து அவர் துவண்டு படுத்திருக்கும் மாலையும் சரிவராது. செவ்வாய் அல்லது வியாழன் காலையில், நீங்கள் சாப்பிட்ட பிறகு எடுங்கள். காவடி விரதத்தின் பத்து நாளில் இதைத் தள்ளிவைப்பது நல்லது. விரதத்தின் சோர்வும் பராமரிப்பின் சோர்வும் கலந்துவிட்டால் எது எதுவென்று பிரிக்க முடியாது. கார்டுகள் எல்லாவற்றையும் நேராக அடுக்கிக்கொண்டே கலையுங்கள், தலைகீழ் அர்த்தம் பார்க்க வேண்டாம். மூன்றாம் இடமே குறையைச் சொல்லும் இடம். அங்கே தலைகீழும் வந்தால் குறை குறைகிறதா கூடுகிறதா என்று குழப்பம்தான் வரும்.

இனி களைப்பு. முதலில் எந்த வகைக் கார்டு என்று பாருங்கள். கோல் என்றால் வேலையும் பொறுப்பும், கோப்பை என்றால் மனசு, வாள் என்றால் யோசனையும் தூக்கமின்மையும், காசு என்றால் பணமும் உடம்பும் அன்றாட ஒழுங்கும். ஒரே மாதிரித் தோன்றும் கார்டுகளைப் பிரித்துப் பார்ப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கோல் 10இல் ஒருவன் பத்துக் கோலையும் அணைத்துத் தூக்கிப் போகிறான், சுமை முகத்தை மறைக்கிறது. இது பாரம். சமையல், துணி, ஆஸ்பத்திரிப் போக்குவரத்து என்று பிரித்துக் கொடுத்தால் இறங்கும். கோல் 9 வேறு. தலையில் கட்டுப் போட்டவன் ஒரு கோலைப் பிடித்து நிற்கிறான், எட்டுக் கோல் பின்னால் வேலி போல் நிற்கிறது, அவன் கண் பக்கவாட்டில். அவன் எதையும் தூக்கவில்லை, காவல் நிற்கிறான். ஃபிஸ்டுலா கையில் அதிர்வு இருக்கிறதா, எத்தனை கிளாஸ் தண்ணீர் போச்சு, மூச்சு வாங்குகிறதா, புயல் எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்குப் போய் பஸ் நின்றால் அன்றைக்கு டயாலிசிஸ் என்ன ஆகும் என்று ஓயாமல் கவனித்துக்கொண்டே இருப்பதன் களைப்பு அது. இதற்கு யாராவது வந்து சமைத்துப் போட்டால் நன்றி தோன்றும், களைப்பு போகாது. வாள் 9இல் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிய உருவம். அது ராத்திரியின் களைப்பு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

இப்போது ஒரு மாதிரி ஸ்ப்ரெட்டைப் படித்துப் பார்ப்போம். நடுவில் காசு 2, கீழே கோப்பை ராணி, இடப்பக்கம் கோல் 9, வலப்பக்கம் காசு 6, மேலே கோப்பை 8.

காசு 2இல் இளைஞன் ஒருவன் இரண்டு காசை மாற்றி மாற்றி ஆட்டுகிறான், பின்னால் கடல் கொந்தளிக்கிறது, கப்பல்கள் ஏறி இறங்குகின்றன. டயாலிசிஸ் நாள், டயாலிசிஸ் இல்லாத நாள் என்று இரண்டு வீடு நடத்துகிறீர்கள். கலைத்துவிட ஒரு சின்னத் தடங்கல் போதும். ராணி கையில் உள்ள கோப்பையைக் கவனியுங்கள், அந்த வகையிலேயே மூடி போட்ட கோப்பை அதுதான். அவர் சொல்லாமலே அவர் முகத்தைப் படித்துவிடுகிறீர்கள், அது தெம்பு. அதே மூடி, உங்களுக்குள் இருப்பதை யாரிடமும் திறக்கவில்லை என்பதையும் காட்டுகிறது. இரண்டாம் இடத்துக் கார்டைப் பாராட்டாக மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாகும். ஒவ்வொரு தெம்புக்கும் ஒரு செலவு உண்டு.

அடுத்து மூன்றையும் நான்கையும் சேர்த்துப் பாருங்கள். காசு 6இல் வணிகன் ஒருவன் ஒரு கையில் தராசு பிடித்து, மறு கையால் மண்டியிட்ட இருவரில் ஒருவனுக்குக் காசு போடுகிறான். துணை இருக்கிறது, அளந்து கொடுக்கும் துணை. மாதம் கொஞ்சம் பணம் அனுப்பும் கொழுந்தனாரோ, டாக்சிக்குக் காசு தரும் நாத்தனாரோ யாராகவும் இருக்கலாம். ஆனால் களைப்போ காவலின் களைப்பு. பணம் அதைத் தொடாது. துணை வந்தும் ஏன் ஓய்வில்லை என்று மனம் கசப்பதும், கொடுத்தவர்கள் ‘இன்னும் என்ன வேணும்’ என்று முகம் சுளிப்பதும் இங்கேதான் தொடங்குகிறது. ஆகவே ஆளை மாற்ற வேண்டாம், கேட்பதை மாற்றுங்கள். அதே நாத்தனாரிடம் பணத்துக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 முதல் 6 வரை கேளுங்கள். சும்மா உட்கார வைக்காதீர்கள், காவலைக் கற்றுக்கொடுங்கள்: ஃபிஸ்டுலாவில் விரல் வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும், தெரியாவிட்டால் காத்திருக்காமல் டயாலிசிஸ் யூனிட்டுக்கு போன், மூச்சு திணறினால் 114, தண்ணீர் அளவு இந்தப் பாட்டிலில் இந்தக் கோடு வரை. ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். தெரிந்த ஒருவர் கண் வைத்திருக்கிறார் என்றால்தான் அந்த நான்கு மணி நேரத்தில் உங்கள் கண் மூடும்.

கோப்பை 8 பலரைப் பயமுறுத்தும் கார்டு. நிலா வெளிச்சத்தில் ஒருவன் எட்டுக் கோப்பையை விட்டு நடந்து போகிறான். ‘நான் இவரை விட்டுப் போய்விடுவேனா’ என்று கேட்பவர்கள் உண்டு. ஐந்தாம் இடம் அந்தக் கேள்விக்கான இடம் இல்லை, இறக்கிவைக்கும் பொருளுக்கான இடம். அவன் கோப்பைகளை உடைக்கவில்லை, அடுக்கிவைத்துவிட்டுத்தான் போகிறான். மேல் வரிசையில் ஓர் இடைவெளி இருக்கிறது, எத்தனை அடுக்கினாலும் நிரம்பாத ஒன்று. உங்கள் நாளில் அப்படி என்ன இருக்கிறது? டயாலிசிஸ் முடிந்த ஒவ்வொரு மாலையும் ஏழெட்டு சொந்தக்காரர்களுக்குத் தனித்தனியாக போன் செய்து ஒரே கதையைச் சொல்வதாக இருக்கலாம். அதை 4 வாரம் நிறுத்தி, ஒரே வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பலாம். போய்விடலாமா என்ற நினைப்பே நிஜமாக மனசில் இருந்தால் அதை இதற்குள் திணிக்காதீர்கள். அந்த நினைப்பு பாவமும் இல்லை. அதற்குத் தனியாக ஒரு நாள், தனியாக ஒரு ஸ்ப்ரெட், முடிந்தால் நம்பிக்கையான ஒரு மனிதரோடு பேச்சு.

மூன்றாம் இடத்தில் ‘மரணம்’ 13, ‘கோபுரம்’ 16 போன்ற பெரிய கார்டு விழலாம். அது அவர் ஆயுளைப் பற்றியது அல்ல, அந்த இடத்தின் கேள்வி உங்கள் களைப்பு. பழைய வாழ்க்கை போய்விட்டதே என்ற துக்கத்தில் தெம்பு போகிறது என்பது அங்கே ‘மரணம்’ கார்டுக்குப் பொருந்தும் வாசிப்பு. பெரிய கார்டுக்குக் கோல், கோப்பை என்ற வகை கிடையாது, ஆகவே அதன் மேல் எண் கார்டு ஒன்று வரும்வரை எடுத்து, அதன் வகையை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேல் வேண்டாம். நான்காம் இடத்தில் ‘துறவி’ வந்து யாரும் நினைவுக்கு வரவில்லையென்றால், விளக்கோடு தனியாக நிற்கும் அந்த முதியவரை ‘யாரும் இல்லை’ என்று படித்து முடிக்க வேண்டாம். வழி தெரிந்த ஒருவர் என்றும் பொருள், யூனிட்டில் பக்கத்து நாற்காலிக்காரரின் மனைவி போல.

ஒவ்வொரு கார்டுக்கும் கடந்த 2 வாரத்தில் நடந்த ஒரு மணி நேரத்தையோ ஒரு ஆளையோ பெயர் சொல்லி எழுதுங்கள். எழுத முடியாத கார்டை விட்டுவிடுங்கள், இழுத்துப் பொருத்த வேண்டாம். அதே நாளில் மறுபடி எடுக்காதீர்கள், 4 வாரம் கழித்து எடுங்கள். பழைய தாளை அப்போது பக்கத்தில் வையுங்கள். மூன்றாம் இடத்தில் மறுபடி அதே வகை விழுந்து, நீங்கள் எழுதும் சம்பவமும் பழையதைப் போலவே இருந்தால், கேட்ட உதவி களைப்போடு பொருந்தவில்லை. வேறு ஆளைத் தேடுமுன் கேட்ட விதத்தைத் திருத்திப் பாருங்கள்.