ஆஸ்பிரின் விஷத்துக்கு ஏன் பைகார்பனேட்?

கேள்வி: ஆஸ்பிரின் அளவுக்கு மீறிச் சாப்பிட்டவருக்கு எதற்காக சோடியம் பைகார்பனேட் ஏற்றுகிறார்கள்?

சிறுநீரகம் வடிகட்டிய மருந்தில் ஒரு பகுதி, நுண்குழாய்ச் சுவரின் கொழுப்புப் படலம் வழியாக ரத்தத்துக்கே திரும்பிவிடும். மின்னூட்டம் இல்லாத மூலக்கூறுதான் அப்படி நழுவ முடியும். ஆஸ்பிரின் உடலில் சாலிசிலிக் அமிலமாக மாறுகிறது. பைகார்பனேட் ஏற்றினால் சிறுநீர் காரமாகும்; அப்போது அந்த அமிலம் ஹைட்ரஜனை இழந்து எதிர்மின்னூட்டம் பெறும். அப்புறம் சுவரைத் தாண்ட முடியாமல் சிறுநீரிலேயே மாட்டிக்கொள்ளும். சிறுநீரின் பிஎச் 6இலிருந்து 8க்கு ஏறினால், நழுவக்கூடிய பங்கு முன்பிருந்ததில் நூறில் ஒன்றாகச் சுருங்கிவிடும். அதனால்தான் 7.5க்கு மேல் வைத்திருக்கப் பார்க்கிறார்கள்.

பைகார்பனேட் ஏற்றியும் சிறுநீர் காரமாகவில்லை என்றால், முதலில் பொட்டாசியத்தைப் பார்க்க வேண்டும். அது குறைந்திருந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு ஹைட்ரஜனைச் சிறுநீரில் தள்ளும். அதை ஈடுகட்டாமல் எத்தனை பாட்டில் ஏற்றினாலும் சிறுநீர் எளிதில் காரமாகாது.