மகளின் வேலை விண்ணப்பக் கடிதம்: ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் ஐயா. உங்கள் மகள் திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு அனுப்ப எழுதி வைத்திருக்கும் கடிதத்தையும் சுயவிவரத்தையும் படித்தேன். கணக்குப் பிரிவில் உதவியாளர் வேலை. "நெட்டில் நல்ல மாதிரியாகப் பார்த்து எடுத்ததுதான், ஒரு பிழைகூட இல்லை, ஆனாலும் ஆறு இடத்துக்கு அனுப்பி ஒரு பதிலும் வரவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். ஆறு இடத்திலும் பதில் வராததற்கு இந்தக் கடிதம் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கடிதத்தில் உங்கள் மகளைக் காணவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பேச வசதியாக அதன் நடுப்பகுதியைத் தமிழில் தருகிறேன்: "நான் ஆர்வமும் விடாமுயற்சியும் கொண்டவள். கணக்கியலில் வலுவான அறிவும் நுணுக்கமான கவனமும் குழுவாகப் பணியாற்றும் திறனும் எனக்கு உண்டு. புகழ்பெற்ற தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்க விரும்புகிறேன்."

இதில் அவளுடைய பெயரை எடுத்துவிட்டு, வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் பெயரைப் போட்டுப் பாருங்கள். மூன்று வாக்கியமும் அப்படியே பொருந்தும். நிறுவனத்தின் பெயரை மாற்றி ஒரு சிமெண்ட் ஆலையின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். யாருக்கும் பொருந்துகிற வாக்கியத்தை வைத்து, கடிதத்தைப் படிக்கிற கணக்கு மேலாளர் எதையும் முடிவு செய்ய முடியாது.

மாதிரியைப் பார்த்ததே தப்பு என்று நான் சொல்லவில்லை. முதல் முறை விண்ணப்பிக்கும் பெண்ணுக்குக் கடிதத்தின் வரிசை தெரியாது. எந்த வேலைக்கு எழுதுகிறேன், என்ன செய்திருக்கிறேன், உங்கள் நிறுவனத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு, எப்போது நேரில் வர முடியும் என்ற அந்த வரிசையை மாதிரியிலிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்பதையும், "சுயவிவரம் இணைத்துள்ளேன்" என்பது போன்ற பொது வாக்கியங்களையும் எடுத்துக்கொள்ளலாம். ஒருவரைப் பற்றிச் சொல்லும் வாக்கியங்களைத்தான் எடுக்கக்கூடாது. அவை வேறு யாரையோ நினைத்து எழுதியவை.

நான் மாணவர்களிடம் செய்யச் சொல்வது இதுதான். மாதிரியைத் தாளில் அச்சடித்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று எழுத வேண்டும். "நுணுக்கமான கவனம் உண்டு" என்ற வாக்கியத்துக்குப் பக்கத்தில் "எங்கே கவனமாக இருந்தாய், அதனால் என்ன நடந்தது?" என்று வரும். எல்லாவற்றுக்கும் கேள்வி எழுதியதும் மாதிரியை மூடி அலமாரியில் வைத்துவிட வேண்டும். அப்புறம் கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டு பதில் எழுத வேண்டும். மாதிரி கண்முன் இருக்கும்வரை கை அதன் சொற்களுக்கே போகும். ஒன்றிரண்டு சொல்லை மாற்றினால் நம்முடையது ஆகிவிட்டது என்று மனமும் நம்பிவிடும்.

நேற்று உங்கள் மகளிடம் போனில் இந்தக் கேள்வியைத்தான் கேட்டேன். ஈரோட்டில் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு மாதம் பயிற்சியில் இருந்ததாகச் சுயவிவரத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அங்கே என்ன செய்தாய் என்றால் "சும்மா என்ட்ரிதான் சார்" என்றாள். எந்தக் கடையின் பில், மாதம் எத்தனை, பதிந்த பிறகு என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு ஹார்டுவேர் கடை. மாதம் சுமார் 140 கொள்முதல் பில். அதையெல்லாம் டேலியில் பதிந்து, ஜிஎஸ்டி தளத்தில் மாதம் 14-ஆம் தேதி வரும் கொள்முதல் வரிப் பட்டியலான GSTR-2B-யுடன் ஒவ்வொரு பில்லாக ஒப்பிட்டிருக்கிறாள்.

உங்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். கடைக்காரர் சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் சரக்கு விற்றவர் தன்னுடைய விற்பனை விவரக் கணக்கான GSTR-1-ல் அந்தப் பில்லைக் காட்டியிருந்தால்தான் அது வாங்கியவரின் GSTR-2B-யில் வரும், வந்தால்தான் கழிக்கலாம். ஒரு மாதம் 21,000 ரூபாய் பில் ஒன்று அதில் வரவில்லை. 18 சதவீதம் என்றால் 3,780 ரூபாய் வரி. உங்கள் மகள் அதைக் கவனித்து ஆடிட்டரிடம் சொல்லி, அவர் சொன்னபடி சப்ளையருக்குப் போன் செய்திருக்கிறாள். அவர் அந்தப் பில்லைச் சேர்க்க மறந்திருக்கிறார். அடுத்த மாதக் கணக்கில் சேர்த்தார், கடைக்காரரும் அந்த வரியைக் கழித்துக்கொண்டார்.

"நுணுக்கமான கவனம்" என்று மாதிரி சொன்னதற்கு அவளிடம் இருந்த பதில் இதுதான். இவ்வளவு இருந்தும் அவள் எழுதாததற்கு ஒரே காரணம், மாதிரியில் இப்படி எதுவும் இல்லை என்பது. பெரிய சொற்களைப் பார்த்ததும் தான் செய்தது சின்ன வேலை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. எனக்கு இதுதான் வருத்தம்.

இனி திருப்பூர் நிறுவனத்துக்கு வருவோம். "புகழ்பெற்ற தங்கள் நிறுவனம்" என்பதற்குப் பதிலாக என்ன எழுதுவது? பின்னலாடைத் தொழிலை நினைத்துப் பாருங்கள். நூலை ஓர் இடத்தில் வாங்குவார்கள். துணி பின்னுவது ஒருவர், சாயம் போடுவது ஒருவர், காம்பாக்டிங் ஒருவர், பிரிண்டிங் ஒருவர் என்று பல நிறுவனங்களில் வேலை வெளியே நடக்கும். ஒவ்வொருவரிடமிருந்தும் தனித்தனி பில் வரும். ஏற்றுமதி செய்பவர்களுக்கு உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறுவதும் முக்கியம். அப்படியானால் பில்லை GSTR-2B-யுடன் ஒப்பிடும் வேலை அங்கே நிறைய இருக்கும். உங்கள் மகள் 140 பில்லில் செய்த வேலைதான், அளவு பெரியது. அவளையும் அந்த நிறுவனத்தையும் சேர்க்கிற இடம் இது. புகழ்ச்சியை எடுத்துவிட்டு இதை எழுதலாம்.

நேற்று இரவே அவள் திருத்தி அனுப்பிய பகுதி இது, தமிழில்:

"ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மே, ஜூன் மாதங்களில் பயிற்சி பெற்றேன். ஒரு ஹார்டுவேர் கடையின் கொள்முதல் பில்களை, மாதம் சுமார் 140, டேலியில் பதிந்து GSTR-2B-யுடன் ஒப்பிட்டேன். 21,000 ரூபாய் பில் ஒன்று வராததைக் கண்டு ஆடிட்டரிடம் சொன்னேன். சப்ளையர் அடுத்த மாதம் அதைச் சேர்த்தார். தங்கள் நிறுவனத்தில் சாயம், பிரிண்டிங் போன்ற வெளிவேலைகளுக்கும் இதே ஒப்பீடு தேவைப்படும் என்று நினைக்கிறேன். வெளிவேலைக்கான சலான் முறை எனக்குப் பழக்கமில்லை. கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்."

கடைசி இரண்டு வாக்கியங்களை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு மாதம் இருந்த பெண்ணுக்கு அது தெரிந்திருக்காது என்பது மேலாளருக்கே தெரியும். கடையின் பெயரைச் சேர்க்கலாமா என்றும் கேட்டாள். அதுவும் வேண்டாம். ஆடிட்டரின் வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொல்கிற பெண்ணைக் கணக்கு வேலைக்கு எடுக்க யோசிப்பார்கள். "ஒரு ஹார்டுவேர் கடை" என்பது போதும்.

ஓர் இடத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். முதல் திருத்தத்தில் "ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஃபைல் செய்தேன்" என்று எழுதியிருந்தாள். இன்னொரு மாதிரியில் அப்படி இருந்ததாம். ரிட்டர்ன் தாக்கல் செய்ய உரிமையாளரின் போனுக்கு ஓடிபி வர வேண்டும், அல்லது டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். பயிற்சிக்கு வந்த பெண் அதைச் செய்ய மாட்டாள். "ஓடிபி யாருடைய போனுக்கு வந்தது?" என்று நேர்முகத்தில் ஒரு கேள்வி கேட்டால் போதும், அவள் உண்மையிலேயே செய்த வேலையையும் சேர்த்து அவர்கள் சந்தேகப்படுவார்கள். அவள் செய்தது வரி கட்டத் தாக்கல் செய்யும் GSTR-3B ரிட்டர்னுக்கான விவரங்களைத் தயார் செய்தது. அதை அப்படியே எழுதச் சொன்னேன். கடிதத்தில் இருக்கும் ஒவ்வொரு வாக்கியத்தைப் பற்றியும் தாளைப் பார்க்காமல் அவளால் இரண்டு நிமிடம் பேச முடிய வேண்டும். இன்று மாலை நீங்களே கேட்டுப் பாருங்கள். உங்களுக்குக் கணக்கு தெரியாவிட்டாலும், அவள் எங்கே தடுமாறுகிறாள் என்று தெரிந்துவிடும். அந்த வாக்கியம் இன்னும் மாதிரியுடையது.

ஆங்கிலம் சுமார்தான் என்று கவலைப்பட்டீர்கள். தமிழில் இப்படிச் சொல்லிவிட்டு, ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி என்று சின்னச் சின்ன வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுதட்டும். இலக்கணப் பிழையை ஆசிரியர் யாராவது திருத்தலாம். ஆனால் சொற்களை "உயர்த்த" விடாதீர்கள். அப்படி உயர்த்தியதும் கடிதம் பழையபடி மாதிரியாகிவிடும்.

அனுப்புவதற்கு முன் மாதிரியின் மிச்சம் எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மாணவர் துணிக்கடைக்கு எழுதிய கடிதத்தில் "உங்கள் மருத்துவமனையில்" என்று இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நம் கண் நம் கடிதத்தில் இதைப் பிடிக்காது. அதனால் இன்னொருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், அதை நீங்கள் செய்யலாம். ஒட்டிய இடத்தில் எழுத்துருவோ அளவோ மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். மாதிரியை வேர்டு கோப்பாக இறக்கியிருந்தால், File, அப்புறம் Info என்று போனால் Author என்ற இடத்தில் அதைச் செய்தவரின் பெயர் இருக்கக்கூடும். பிடிஎஃப் ஆக்கும்போது அதுவும் கூடவே போகலாம். புதிய வெற்றுக் கோப்பில் எழுதுவது நல்லது. கோப்பின் பெயரிலும் "மாதிரி" என்பதை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போடச் சொல்லுங்கள்.

அடுத்து கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலைக்கும் விண்ணப்பிக்கப்போவதாகச் சொன்னாள். ஈரோட்டுப் பயிற்சியைப் பற்றிய பகுதி அப்படியே இருக்கட்டும், அது அவளுடையது. ஆனால் சாயம், பிரிண்டிங் என்று எழுதிய வாக்கியம் நூற்பாலைக்குப் பொருந்தாது. அங்கே பெரிய கொள்முதல் பஞ்சு. யாரிடம் வாங்குகிறார்கள், பில் எப்படி வரும் என்று ஆலையில் வேலை பார்க்கும் உங்கள் மைத்துனரிடம் கேட்டுவிட்டு அந்த வாக்கியத்தைப் புதிதாக எழுதட்டும். எழுதியதை வியாழக்கிழமைக்குள் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.